பின்னல் கோலாட்டப் படத்துக்கு நான் எழுதிய கேப்ஷன் ஒரு வீட்டைப் புண்படுத்திவிட்டது, எப்படித் திருத்துவது?

நெல்லை_டு_டர்பன்

வணக்கம். டர்பனுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. மகள் நாலாம் கிரேடு. போன வெள்ளிக்கிழமை அவள் பள்ளியில் ஆண்டு விழா (இங்கே எல்லோரும் கான்சர்ட் என்றுதான் சொல்கிறார்கள்). எட்டுப் பெண் குழந்தைகள் பின்னல் கோலாட்டம் ஆடினார்கள். நடுவில் ஒரு கம்பம், அதன் உச்சியில் ஒரு மரத்தட்டு, தட்டிலிருந்து எட்டு நிறத்தில் எட்டுக் கயிறு. கம்பம் என்றால் வெயில் குடை நடுகிற சிமெண்ட் அடித்தட்டில் சொருகின பிவிசி குழாய்தான், யாரோ ஒரு அப்பா செய்து கொடுத்தது. பின்னல் அருமையாக விழுந்தது. பிரிக்கும்போது மேலே சிக்கிக்கொண்டது. எட்டும் அப்படியே நின்று, கழுத்தை வளைத்து மேலே பார்த்தார்கள். அந்த நொடியில் நான் எடுத்த படம் அத்தனை அழகு.

வீட்டுக்கு வந்ததும் இப்படி எழுதி ஃபேஸ்புக்கிலும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன்:

"எட்டுப் பேரில் ஒருத்தி தப்பாகச் சுற்றினாள், எட்டுப் பேரும் மாட்டிக்கொண்டார்கள்! நீலக் கயிறு எங்க வீட்டுப் பொண்ணு."

வேடிக்கையாகத்தான் எழுதினேன். குழுவில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை என்று நினைத்திருந்தேன். சிவப்புக் கயிறு வைத்திருந்த பெண்ணின் பாட்டிக்குத் தெரியும் போல. அவர் சத்தமாகப் படித்து மருமகளுக்கு அர்த்தம் சொல்லியிருக்கிறார். படத்தில் சிக்கின இடத்தில் பளிச்சென்று தெரிவது சிவப்புக் கயிறு. அந்தக் குழந்தை அன்று ராத்திரி அழுததாம். அவள் அம்மா என்னிடம் பேசுவதில்லை. திங்கட்கிழமை கேட்டில் பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விட்டார்.

இதை எப்படி மாற்றி எழுதலாம்? அழித்துவிடவா?

பீனிக்ஸ்_அப்பா

மேடை வெளிச்சத்தில் போன் எடுக்கிற படம் வெளுத்துப் போகும். குழந்தையின் முகத்தில் விரலை வைத்து அழுத்தினால் ஒரு சின்ன சூரியக் குறி வரும், அதைக் கீழே இழுத்தால் முகம் தெளிவாகும். முன்சீட்டுக்காரர் தலை வராமல் இருக்க ஓரத்து நாற்காலி பிடிக்க வேண்டும். சூம் வேண்டவே வேண்டாம்.

நெல்லை_டு_டர்பன்

அண்ணா, படம் நன்றாகத்தான் வந்திருக்கிறது. சிக்கல் எழுத்தில்.

லெனேசியா_குமார்

முதலில் அந்தப் படத்தை எடுங்கள். தென்னாப்பிரிக்காவில் தனிநபர் தகவலைப் பாதுகாக்கிற பொப்பியா சட்டம் 2021 ஜூலையிலிருந்து முழு அமலில் இருக்கிறது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் படத்தைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் போடுவது குற்றம். அபராதம் ஒரு கோடி ராண்ட் வரை. ஏழு குழந்தைகளின் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கினீர்களா?

செய்தியறை

குமார், பாதி சரி. குழந்தைகளின் தகவலுக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு, 18 வயது கணக்கும் சரி, ஒரு கோடி ராண்ட் உச்சவரம்பும் சரி. ஆனால் அதே சட்டத்தின் 6-ஆம் பிரிவு, முழுக்க முழுக்கச் சொந்த அல்லது வீட்டுக் காரியத்துக்கான பயன்பாட்டைச் சட்டத்துக்கு வெளியே வைக்கிறது. அம்மா குடும்பத்துக்கு அனுப்புகிற படம் அதில் அடங்கும். பள்ளி தன் பக்கத்தில் போட்டால் அடங்காது. அதனால்தான் பள்ளிகள் வருஷத் தொடக்கத்தில் சம்மதப் படிவம் நீட்டுகின்றன. ஊரே பார்க்கிற மாதிரித் திறந்து வைத்த ஃபேஸ்புக் பதிவு வீட்டுக் காரியமா என்று கேட்டால் வாதம் செய்யலாம். குழந்தைகள் முகம் தெரிகிற படம், நண்பர்கள் மட்டும் பார்க்கட்டும் என்று மாற்றுவது நல்லது. இது என் யோசனை, சட்டத் தீர்ப்பு இல்லை.

இப்போது கேப்ஷனுக்கு வருகிறேன். சென்னையில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருபத்தைந்து வருஷம் படக்குறிப்பு எழுதியவன். இப்போது மகனோடு ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கிறேன். அம்மா, உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. ஒருத்தி தப்பாகச் சுற்றினதை நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா?

நெல்லை_டு_டர்பன்

இல்லை ஐயா. போன் வழியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிக்கினது தெரிந்தது. யாராவது ஒருத்தி தப்பு செய்திருந்தால்தானே சிக்கும்?

செய்தியறை

அப்படியென்றால் படத்தில் இல்லாததை, நீங்களும் பார்க்காததை எழுதியிருக்கிறீர்கள். படக்குறிப்பில் எங்களுக்கு அடி விழுவதே இந்த இடத்தில்தான். படம் ஒரு நொடியைக் காட்டும், அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று காட்டாது. அந்த முந்தைய நொடியை நாம் ஊகித்து எழுதினால் படமே அதற்குச் சாட்சி சொல்கிற மாதிரி ஆகிவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. "ஒருத்தி சுற்றினாள்" என்று எழுதினால் கண் உடனே படத்துக்குப் போய் அந்த ஒருத்தியைத் தேடும். அடுத்த வரியிலேயே நீலம் என் பெண் என்று சொல்லி அவளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டீர்கள். மிச்சம் ஏழு. சிக்கின இடத்தில் சிவப்பு. நீங்கள் பெயர் சொல்லவில்லை, ஆனால் விரல் நீட்டிவிட்டீர்கள்.

நெல்லை_டு_டர்பன்

ஐயோ. இப்படி யோசிக்கவே இல்லை. சத்தியமாக என் பெண் எங்கே நிற்கிறாள் என்று ஊரில் அம்மாவுக்குத் தெரியட்டும் என்றுதான் நிறத்தைச் சொன்னேன்.

சாட்ஸ்வர்த்_டீச்சர்

வணக்கம். நான் இங்கேயே பிறந்தவள். சாயந்தர வெர்னாகுலர் வகுப்பில் தமிழ் படித்து, பிறகு அதே வகுப்பில் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். என் எழுத்தில் பிழை இருந்தால் பொறுக்கவும். எங்கள் வயதில் தமிழ் வாசிக்கிற பாட்டிகள் டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வர்த்திலும் மெரபேங்கிலும் இன்னும் இருக்கிறார்கள் மகளே. பேசத் தயங்குவார்கள், எழுத்தைக் கண்டால் விடமாட்டார்கள். ஊரிலிருந்து வந்தவர்களுக்கு மட்டும்தான் தமிழ் தெரியும் என்று எண்ண வேண்டாம்.

பின்னல் கோலாட்டம் நான் பல வருஷம் கோயில் விழாவுக்குப் பழக்கியிருக்கிறேன். அதனால் அந்தச் சிக்கலைப் பற்றிச் சொல்கிறேன்.

எட்டுப் பேரில் நாலு பேர் வலமாகச் சுற்றுவார்கள், நாலு பேர் இடமாக. எதிரே வருகிறவளை ஒரு தடவை உள்பக்கமாகக் குனிந்து கடக்க வேண்டும், அடுத்து வருகிறவளை வெளிப்பக்கமாகக் கயிற்றைத் தூக்கிக் கடக்க வேண்டும். வெளியே போகிறவள் கயிறு மேலே விழும், உள்ளே போகிறவள் கயிறு கீழே அடங்கும். உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே. இதுதான் பின்னல். ஒரு முழுச் சுற்றில் ஒவ்வொருத்தியும் எதிரே வருகிற நாலு பேரையும் இரண்டு இரண்டு தடவை கடப்பாள். கணக்குப் போட்டால் ஒரு சுற்றுக்கு 32 கடப்பு. அவர்கள் எத்தனை சுற்றுப் பின்னினார்கள்?

நெல்லை_டு_டர்பன்

மூன்று சுற்று டீச்சர். அப்புறம் திரும்பி நின்று பிரிக்கத் தொடங்கினார்கள்.

சாட்ஸ்வர்த்_டீச்சர்

96 கடப்பு. ஒன்பது, பத்து வயதுக் குழந்தைகள், கூடவே கோலும் தட்டிக்கொண்டு. அதில் ஒன்று மாறினால் போதும்.

இப்போது முக்கியமான விஷயம். கடப்பு என்றால் இரண்டு பேர். ஒருத்தி வெளியே போக வேண்டிய இடத்தில் உள்ளே போனால், எதிரே வந்தவள் முட்டிக்கொள்ளாமல் இருக்கத் தானாக வெளியே போவாள். அவள் கயிறு மேலே விழும். பிரிக்கும்போது மேலே கிடக்கிற அந்தக் கயிறுதான் எல்லோரையும் பிடித்து நிறுத்தும். அதாவது சிக்கின இடத்தில் மேலே தெரிகிற கயிறு தப்பு செய்தவளுடையது என்று சொல்லவே முடியாது. வழிவிட்டவளுடையதாகவும் இருக்கலாம். சிவப்புக் கயிற்றுப் பேத்தி பாவம்.

லெனேசியா_குமார்

டீச்சர், வீடியோ இருந்தால் யார் என்று கண்டுபிடித்துவிடலாமே?

சாட்ஸ்வர்த்_டீச்சர்

கண்டுபிடித்து என்ன செய்யப் போகிறீர்கள் தம்பி? சரி, கேட்டதால் சொல்கிறேன். பின்னல் உச்சியிலிருந்து கீழே வளரும். பிரிக்கும்போது கீழிருந்து மேலே அவிழும். படத்தில் தட்டுக்குக் கீழே எவ்வளவு பின்னல் மிச்சம் இருக்கிறது?

நெல்லை_டு_டர்பன்

ஒரு சாண் இருக்கும்.

சாட்ஸ்வர்த்_டீச்சர்

அப்படியானால் கீழே உள்ளது முழுக்கச் சரியாகப் பின்னி, சரியாகப் பிரித்தும் விட்டார்கள். மேலே உள்ள அந்தச் சாண், தொடங்கின முதல் சுற்றில் விழுந்தது. மாறின கடப்பு அங்கே இருக்கலாம். அல்லது பிரிக்கும்போதே அந்த இடத்தில் யாராவது மாறிப் போயிருக்கலாம், அதுவும் உடனே சிக்கும். இரண்டில் எது என்று ஒற்றைப் படம் சொல்லாது.

போர்ட்_லூயிஸ்_காரி

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். மொரீஷியஸில் என் மகன் ஐந்தாம் வகுப்பில் தமிழ் நாடகத்தில் முருகனாக நின்றான். அட்டையில் செய்த வேல் நடுவில் மடங்கிவிட்டது. நான் கிரியோலில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி, "வேல் மடங்கினாலும் வீரம் மடங்கவில்லை" என்று போட்டேன். இருநூறு லைக். இப்போது அவனுக்குப் பதினாலு. போன மாதம் யாரோ அதைத் தேடி எடுத்து அவன் வகுப்பில் சுற்றுக்கு விட்டுவிட்டார்கள். இரண்டு நாள் பள்ளிக்குப் போகவில்லை. "அம்மா, என்னைக் கேட்டியா?" என்றான். அதற்கு நான் என்ன சொல்ல? குழந்தையிடம் படித்துக் காட்டிவிட்டுப் போடுங்கள், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

பீனிக்ஸ்_அப்பா

என் அம்மா இதெல்லாம் கண் பட்டுவிடும் என்று படமே போட விடமாட்டார். கன்னத்தில் மை வைத்துத்தான் எடுக்கவே விடுவார். இப்போது பார்த்தால் அம்மா சொன்னதில் ஏதோ இருக்கிறது.

செய்தியறை

டீச்சர் சொன்ன பிறகு வேலை எளிது. நாங்கள் அலுவலகத்தில் செய்கிற மாதிரியே செய்து பார்ப்போம்.

முதலில், வினையை மாற்ற வேண்டும். "ஒருத்தி தப்பாகச் சுற்றினாள்" என்பதில் ஆள் இருக்கிறாள், பால் இருக்கிறது, குற்றம் இருக்கிறது. "பின்னல் சிக்கியது" என்றால் எழுவாய் பின்னல். சிக்குவது தன்வினை, தானாக நடப்பது. சிக்கவைப்பது பிறவினை, யாரோ செய்வது. நீங்கள் பார்த்தது சிக்கியதை. ஆகவே அதைத்தான் எழுதலாம்.

அடுத்தது நீளம். போனில் நீளமான கேப்ஷனின் தொடக்கம்தான் தெரியும், மிச்சம் மடிந்துவிடும். தமிழில் வினை கடைசியில் வருகிறது. நீளமான வாக்கியம் போட்டால் யார், எங்கே, எப்போது என்று எல்லாம் தெரிந்து, என்ன ஆச்சு என்பது மட்டும் மடிப்புக்குள் போய்விடும். "நாலாம் கிரேடு பிள்ளைகள் ஆண்டு விழாவில் ஆடிய பின்னல் கோலாட்டத்தில்" என்று தொடங்கினால் படிக்கிறவர் அங்கேயே போய்விடுவார். முதல் வாக்கியம் மூன்று நாலு சொல்லில் முடிந்து, வினை கண்ணில் பட்டுவிட வேண்டும்.

மூன்றாவது, படத்தில் தெரிவதைத் திரும்பச் சொல்ல வேண்டாம். எட்டுப் பெண்கள், பாவாடை சட்டை, மேடை, இதெல்லாம் தெரிகிறது. தெரியாதது என்ன? அந்த நொடியில் என்ன சத்தம் கேட்டது? பாட்டு நின்றுவிட்டதா?

நெல்லை_டு_டர்பன்

இல்லை, பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. அதுதான் சிரிப்பு. ஒரு வாண்டு மட்டும் நின்ற இடத்திலேயே தனக்குத்தானே கோல் தட்டிக்கொண்டிருந்தாள். ஹாலில் ஒரு தாத்தா "விடு விடு, அடுத்த ஆட்டம்" என்றார்.

செய்தியறை

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதை வைத்துக்கொள்ளுங்கள். படத்துக்குக் காது கிடையாது. அதைக் கொடுக்கத்தான் உங்கள் வரி. இதை எழுதிப் பாருங்கள்:

"பின்னினார்கள், பிரியவில்லை. எட்டுப் பேரும் அண்ணாந்து பார்க்கிறார்கள், பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது."

லெனேசியா_குமார்

அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐயா, எனக்கு ஒரு நெருடல். "சிக்கியது", "பிரியவில்லை" என்று எழுதுவது அரசாங்க அறிக்கை மாதிரி இல்லையா? கோப்பு காணாமல் போனது, பணம் செலவாகிவிட்டது என்பார்களே, அந்த ஜாதி. யாரோ செய்ததை யாரும் செய்யாத மாதிரி ஆக்குகிற தமிழ்.

செய்தியறை

நியாயமான கேள்வி. அமைச்சரைப் பற்றி எழுதும்போது நான் இப்படி எழுதமாட்டேன், கோப்பைத் தொலைத்தது யார் என்று கேட்பேன். ஒன்பது வயசுப் பிள்ளையின் விஷயத்தில் தன்வினை பரவாயில்லை என்பது என் கட்சி. எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள் என்று சொல்லமாட்டேன்.

சாட்ஸ்வர்த்_டீச்சர்

நான் ஒத்துக்கொள்ளவில்லை. தப்பு யாருடையது என்று தெரிந்தால், அதுவும் நம் வீட்டுத் தப்பானால், சொல்லத்தான் வேண்டும். மகளே, உங்களிடம் வீடியோ இருக்கிறதா? மற்றவர்களைப் பிடிக்க இல்லை. உங்கள் பெண்ணை மட்டும் பாருங்கள்.

நெல்லை_டு_டர்பன்

*(மறுநாள்)*

பார்த்தேன். படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் வீடியோவும் எடுத்திருந்தேன், அதுவும் தொடக்கத்திலிருந்து. மூன்று தடவை போட்டுப் பார்த்தேன், நாலாவது தடவை அவரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

முதல் சுற்றில் என் பெண் மேடையின் முன்பக்கம் வருகிறாள். அப்போது படம் ஆடுகிறது. ஏன் ஆடுகிறது என்றால், நான் இடது கையைத் தூக்கி அவளுக்கு ஆட்டிக் காட்டுகிறேன். என் விரல்களே ஃபிரேமில் தெரிகின்றன. அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். எதிரே சிவப்புக் கயிறு வருகிறது. அப்புறம் என் கை மறைத்துவிட்டது. கை விலகும்போது இருவரும் கடந்து போயிருக்கிறார்கள். உள்ளேயா வெளியேயா, தெரியவில்லை.

வயிற்றைப் பிசைந்தது. மகளைக் கேட்கலாமா என்று யோசித்தேன், கேட்கவில்லை. அவளாகவே சாப்பிடும்போது சொன்னாள்: "அம்மா, நீ டாட்டா காட்டினப்ப எனக்கு உள்ளேவா வெளியேவான்னு மறந்துடுச்சு." அதற்குப் பிறகு இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "ஆனா நான் கரெக்டாதான் போனேன்னு நெனக்கிறேன்" என்றாள்.

பீனிக்ஸ்_அப்பா

அக்கா, இதனால்தான் ஓரத்து நாற்காலி என்றேன்.

சாட்ஸ்வர்த்_டீச்சர்

நான் பழக்கும்போது பெற்றோருக்கு முதல் விதியே அதுதான்: ஆடும்போது கையாட்டக் கூடாது, பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. முடிந்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் கத்துங்கள். யாரும் கேட்கமாட்டார்கள். அந்தப் பெண் சரியாகவும் போயிருக்கலாம், அவள் நினைப்பதையும் தள்ளிவிடாதீர்கள். ஆனால் கையாட்டியது நீங்கள். அது மட்டும் நிச்சயமாகத் தெரிகிறது.

செய்தியறை

இப்போது உங்களிடம் ஒரு உண்மை இருக்கிறது, நீங்களே பார்த்தது. அதைப் போடலாம். பெண்ணைப் பற்றி வேண்டாம், உங்களைப் பற்றி.

நெல்லை_டு_டர்பன்

எழுதியிருக்கிறேன். மகளிடமும் படித்துக் காட்டினேன். "ஓகே, ஆனா வாண்டுன்னு போடாதே" என்றாள்.

"பின்னினார்கள், பிரியவில்லை. எட்டுப் பேரும் அண்ணாந்து பார்க்கிறார்கள், பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் சுற்றிலேயே கையை ஆட்டி மேடையைக் கலைத்த ஒரே ஆள் படத்தில் இல்லை. அது நான், போனுக்குப் பின்னால்."

போர்ட்_லூயிஸ்_காரி

நன்றாக இருக்கிறது. ஆனால் "கலைத்த" என்றால் உங்களால்தான் சிக்கியது என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிட்ட மாதிரி இல்லையா?

செய்தியறை

சரிதான். "கையை ஆட்டிய ஒரே ஆள்" என்று நிறுத்திக்கொள்ளலாம். படிக்கிறவர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்வார்.

லெனேசியா_குமார்

பழைய பதிவைத் திருத்தினால் போதுமா? ஃபேஸ்புக்கில் திருத்தின வரலாறு தட்டிப் பார்த்தால் தெரியும். வாட்ஸ்அப்பில் 15 நிமிடத்துக்குப் பிறகு திருத்தவே முடியாது.

செய்தியறை

சத்தமில்லாமல் திருத்துவது பத்திரிகையிலும் கெட்ட பழக்கம். ஃபேஸ்புக்கில் பழையதை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள், குழுவிலும் புதிதாகப் போடுங்கள். போடுவதற்கு முன்னால் அந்த வீட்டுக்குத் தனியாக ஒரு சொல். குழுவில் பொதுவாக "யாராவது வருத்தப்பட்டிருந்தால்" என்று எழுத வேண்டாம். வருத்தப்பட்டது யாராவது இல்லை, ஒரு வீடு.

பெயர்கள் போடுவதானால் எட்டுப் பேர் வீட்டிலும் கேட்டுவிட்டு, இடமிருந்து வலமாக, முதல் பெயர் மட்டும். பள்ளிப் பெயரும் வீட்டுப் பெயரும் வேண்டாம். இடம் என்பது படம் பார்க்கிறவரின் இடம். நாட்டிய ஆசிரியை கொடுக்கிற பட்டியல் மேடையிலிருந்து பார்க்கிற வரிசையில் இருக்கும், அப்படியே போட்டால் எட்டுப் பெயரும் தலைகீழாகிவிடும். நான் ஒரு முறை அப்படிப் போட்டு மறுநாள் திருத்தம் வெளியிட்டிருக்கிறேன்.

சாட்ஸ்வர்த்_டீச்சர்

அந்தப் பாட்டிக்குத் தமிழிலேயே எழுதுங்கள். ஆங்கிலத்தில் வேண்டாம். தமிழில் பட்ட அடி தமிழில்தான் ஆறும் என்று சொல்லவில்லை. தமிழில் ஒரு கடிதம் வந்து அவருக்கு எத்தனை வருஷம் ஆகியிருக்கும், அதற்காக.

நெல்லை_டு_டர்பன்

*(மூன்று நாள் கழித்து)*

பெரிய எழுத்தில் அரைப் பக்கம் கையால் எழுதி, படத்தை நல்ல போட்டோத் தாளில் பிரிண்ட் எடுத்து, உறையில் போட்டு அந்த வீட்டுக் கேட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். கடிதத்தில் வீடியோ, என் கை, எல்லாம் சொன்னேன். பிரிண்டின் பின்னால் எட்டு முதல் பெயர்களும், மற்ற ஆறு வீட்டிலும் கேட்டுத்தான். ஃபேஸ்புக்கிலும் வகுப்புக் குழுவிலும் புதுக் கேப்ஷன் போட்டாயிற்று, ஃபேஸ்புக்கில் பழையது போய்விட்டது. அவள் அம்மா இன்னும் பேசவில்லை, குழுவில் ஒரு கட்டைவிரல் மட்டும் போட்டார். அதை என்னவென்று எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இன்று காலை பாட்டி எண்ணிலிருந்து ஒரு வாட்ஸ்அப் படம் வந்தது. கோடு போட்ட நோட்டுத் தாள், நீல பேனா, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நிற்கிறது:

"கடிதம் படித்தேன். பேத்தியும் கேட்டாள். போட்டோ நல்லது. பின்னால் பெயர் பிழை. என் பேத்தி இடமிருந்து மூன்று. நீ நான்கு என்று எழுதினாய்."

எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி, மூன்றும் நாலும் மாறிப் போயிருக்கிறது. நாலாவது என் பெண்.

செய்தியறை

இன்றைக்கே இன்னொரு பிரிண்ட் போடுங்கள்.